பக்க வருமானம் ஒரு லட்சம், வரி 52,000

சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருடைய மொத்தச் சம்பளம் 12,75,000 ரூபாய். புதிய வரி முறையில் அவர் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். சம்பளத்திலிருந்து வரியென்று ஒரு ரூபாய்கூடப் பிடிபடவில்லை. அதே ஆண்டில் கோவையிலுள்ள ஓர் உதிரிபாகத் தயாரிப்பு நிறுவனத்துக்கு, சரக்கு இருப்பைக் கணக்கிடும் மென்பொருள் ஒன்றைச் சனி, ஞாயிறுகளில் எழுதித் தருகிறார். கட்டணம் ஒரு லட்சம் ரூபாய். இந்த ஒரு லட்சத்தால் அவருக்கு வந்து சேரும் வரி 52,000 ரூபாய்.

தவறாக எதையும் மறைத்ததற்கான அபராதம் அல்ல இது. சட்டப்படி, சலுகைகளையெல்லாம் கழித்த பிறகு வரும் தொகைதான். இது எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால், வேலைக்குப் போய்க்கொண்டே வெளியில் சம்பாதிக்கும் ‘மூன்லைட்டிங்’ வருமானத்தின் வரிக் கணக்கில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, நியமனக் கடிதத்தின் உள்பக்கங்களில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவாக 75,000 ரூபாய் கிடைக்கிறது. அதைக் கழித்தால் நம் பொறியாளரின் வருமானம் சரியாக 12 லட்சம். இந்தத் தொகைக்குப் படிநிலைகளின்படி 60,000 ரூபாய் வரி உண்டு. ஆனால், வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவரை அந்த 60,000-ஐயும் அரசு தள்ளுபடி செய்துவிடுகிறது. 12 லட்சம் வரை வரி இல்லை என்று பேசப்படுவது இதைத்தான். அது வரிவிலக்கு அன்று, தள்ளுபடி. எல்லையைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். நான்கு லட்சத்திலிருந்தே வரி எண்ணப்படும்.

பக்க வருமானம் உள்ளே வருவது இந்த எல்லையில்தான். மென்பொருள் வேலைக்கு வந்த ஒரு லட்சத்தில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டினால் போதும் என்று சட்டம் சொல்கிறது. அதன் விவரம் பின்னால் வருகிறது. ஆக, மொத்த வருமானம் 12,50,000. இதற்குப் படிநிலை வரி 67,500 ரூபாய். ஐம்பதாயிரம் கூடுதலாகச் சம்பாதித்தவரிடம் அறுபத்தேழாயிரம் கேட்பது அநியாயம் என்பதால், 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வருமானம் வந்ததோ அதற்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒரு நிவாரணமும் இருக்கிறது. அதன்படி வரி 50,000. அதன்மேல் நான்கு சதவீத செஸ் 2,000. கூட்டினால் 52,000.

இந்தப் பொறியாளருக்குக் கட்டணம் சுமார் 1,41,000 ரூபாயை எட்டும்வரை இதே கதைதான்: லாபமாகக் காட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழுசாக வரிக்குப் போகும். அதைத் தாண்டியபின் நிலைமை சீராகிறது. அவரே நான்கு லட்சம் ரூபாய்க்கு வேலை செய்திருந்தால், லாபம் இரண்டு லட்சம், மொத்த வருமானம் 14 லட்சம், வரி செஸ்ஸுடன் 93,600. நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் உள்ள ஒருவர் அதே நான்கு லட்சம் ரூபாய் வேலையைச் செய்தால் என்ன ஆகும்? நிலைக்கழிவு போகச் சம்பளம் 9,25,000, லாபம் இரண்டு லட்சம், மொத்தம் 11,25,000. எல்லைக்குள் இருப்பதால் வரியே இல்லை. கட்டணத்தில் வாடிக்கையாளர் பிடித்திருந்த 40,000 ரூபாயும் திரும்ப வந்துவிடும். ஒரே வேலை, ஒரே கட்டணம். ஒருவருக்கு 93,600 ரூபாய் வரி, இன்னொருவருக்குப் பூஜ்யம். வெளிவேலைக்கு விலை பேசுவதற்கு முன்பே, தம்முடைய சம்பளம் அந்த 12 லட்சம் எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம் என்பது இதனால்தான்.

பாதியை மட்டும் லாபமாகக் காட்டும் அந்த வசதி, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் உள்ளது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்காரக் கலைஞர் என்று குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தும். தகவல் தொழில்நுட்பமும் திரைக் கலைஞர்களின் தொழிலும் அறிவிப்பின் மூலம் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் வரை கட்டணம் பெறுபவர்கள் இதைப் பயன்படுத்தலாம். ரொக்கமாக வாங்கியது ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் எல்லை 75 லட்சம். ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டாம், கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம். அதே சமயம், மடிக்கணினி வாங்கினேன், இணையத்துக்குக் கட்டினேன் என்று தனியாக எதையும் கழிக்கவும் முடியாது. செலவுக்கென்று சட்டம் ஒதுக்கிய பாதியிலேயே எல்லாம் அடக்கம்.

எல்லாப் பக்கத் தொழிலும் இந்தப் பட்டியலில் வராது. நம் ஊரில் சம்பளக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவரும் பக்கத் தொழில் இன்ஷூரன்ஸ் ஏஜென்சி. அதில் வருவது கமிஷன். கமிஷன், தரகு வருமானத்துக்கு 44ஏடிஏ-வும் பொருந்தாது, சிறு வணிகர்களுக்கான 44ஏடி-யும் பொருந்தாது. உண்மையான செலவைக் கணக்கெழுதித்தான் லாபம் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து ஊறுகாய், புடவை விற்பவர்கள் 44ஏடி-யில் வருவார்கள். அங்கே வங்கி வழியாக வந்த விற்பனைக்கு ஆறு சதவீதம், ரொக்க விற்பனைக்கு எட்டு சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெளிவேலைக் கட்டணத்தை ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் போட்டு, வழக்கம்போல ஐடிஆர்-1 படிவத்திலேயே கணக்கைத் தாக்கல் செய்துவிடுகிறார்கள். வட்டி வருமானத்துக்கு அது சரி. தொழில்முறைக் கட்டணத்துக்குச் சரியில்லை. கோவை நிறுவனம் பணம் கொடுக்கும்போது 194ஜே பிரிவின் கீழ் பத்து சதவீதம் பிடித்து, பொறியாளரின் பான் எண்ணில் கட்டியிருக்கும். ஒரு வாடிக்கையாளர் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் இந்தப் பிடித்தம் கட்டாயம். அது தொழில்முறைக் கட்டணம் என்ற பெயரோடு 26ஏஎஸ் படிவத்திலும் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் பதிவாகிவிடும். வரி செலுத்துபவர் ஒரு தலைப்பில் காட்ட, துறையின் கணினியில் இன்னொரு தலைப்பு இருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வர வாய்ப்புண்டு. 44ஏடிஏ-யைப் பயன்படுத்துபவருக்கு உரியது ஐடிஆர்-4. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் ஐடிஆர்-3.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. சம்பளம் மட்டும் உள்ளவர் ஆண்டுக்கு ஆண்டு பழைய முறை, புதிய முறை என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழைய முறை வேண்டுமென்றால் 10-ஐஇஏ என்ற படிவத்தைக் காலக்கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு புதிய முறைக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. வீட்டுக் கடன் வட்டியையும் வாடகைப்படியையும் நம்பிப் பழைய முறையில் இருப்பவர், ஒரு சிறிய வெளிவேலைக்காக இந்தக் கதவை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தே ஆக வேண்டும்.

இதுவரை சொன்னது கட்டணமாக வரும் பணம். இரண்டாவது வேலையும் சம்பளமாகவே வந்தால் கணக்கு இன்னும் மோசமாகிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது, சிலர் ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலும் இருந்தார்கள். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம், மற்றொன்று ஆறு லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தெரியாது. முதல் நிறுவனம் 75,000 கழித்துப் பார்க்கும். 11,25,000 என்பதால் தள்ளுபடி, பிடித்தம் இல்லை. இரண்டாவதும் தன் பங்குக்கு ஒரு 75,000 கழிக்கும். 5,25,000 என்பதால் அங்கும் பிடித்தம் இல்லை. ஆண்டு முழுக்க இரண்டு சம்பளமும் முழுசாகக் கைக்கு வரும்.

கணக்குத் தாக்கல் செய்யும் நாளில் இரண்டையும் கூட்டியாக வேண்டும். நிலைக்கழிவு ஆளுக்கு ஒருமுறைதான், நிறுவனத்துக்கு ஒருமுறை கிடையாது. 18 லட்சத்தில் 75,000 போக 17,25,000. செஸ்ஸுடன் வரி 1,50,800 ரூபாய். அதுவரை கட்டியது பூஜ்யம். ஜூலை மாதத்தில் மொத்தமாகக் கட்டினால், முன்கூட்டியே கட்டாததற்கான வட்டி மட்டும் சுமார் 13,600 ரூபாய் சேரும். கையில் வந்ததெல்லாம் சம்பளம்தானே, வரி போகத்தானே வந்திருக்கும் என்று செலவழித்துவிட்டவர்கள், அந்தத் தொகைக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை வருகிறது. பணம் கட்டணமாக வந்தால் பாதிக்குத்தான் வரி; சம்பளமாக வந்தால் முழுசுக்கும் வரி என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்காக, சம்பளத்தைக் கட்டணம் என்று பெயர் மாற்றிக்கொள்ள முடியாது. தினமும் இத்தனை மணிக்கு வர வேண்டும், இன்னாருக்குக் கட்டுப்பட வேண்டும், விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று இருந்தால், ‘ஆலோசகர்’ என்று எழுதிக்கொண்டாலும் அது வேலைதான் என்ற கேள்வியை வரித் துறை எழுப்ப முடியும். இந்த வேலையை இந்த விலைக்கு முடித்துத் தருகிறேன், எப்படிச் செய்வதென்பது என் பொறுப்பு என்பதுதான் கட்டண உறவு. அதேபோல, செய்த வேலைக்கான பணத்தை மனைவியின் கணக்குக்கோ அம்மாவின் கணக்குக்கோ போடச் சொல்வதும் பயன் தராது. உழைத்தவர் யாரோ அவருடைய வருமானம் அது.

வட்டியைத் தவிர்க்கும் வழி எளிதுதான். பிடித்தம் போக ஓர் ஆண்டில் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். பொதுவாக அது ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணை. 44ஏடிஏ-யில் இருப்பவருக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணை. நான்கு லட்சம் சம்பாதித்த நம் பொறியாளருக்கு 40,000 ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கும். மீதி 53,600-ஐ மார்ச் 15-க்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. மறந்துபோய் ஜூலையில் கட்டினால் 2,680 ரூபாய் கூடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் டாலரில் அனுப்பும்போது இங்கே யாரும் எதையும் பிடிப்பதில்லை. அதனால் 93,600-ம் அவரே எடுத்துவைக்க வேண்டியது. 2026 ஏப்ரல் 1-லிருந்து வரும் வருமானத்துக்கு 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துகிறது. பிரிவு எண்கள் அதில் மாறிவிட்டன. பாதியை லாபமாகக் காட்டும் வசதி தொடர்கிறது.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. வெளி வருமானத்தை அலுவலகத்துக்கே தெரிவித்து, அதற்கான வரியையும் மாதச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். வரிக்கணக்கைப் பொறுத்தவரை இதைவிட நிம்மதியான வழி இல்லை. ஆனால் அந்த விவரம் மனிதவளத் துறையின் கைக்குப் போகும். அங்கே நியமனக் கடிதம் எடுத்துப் பார்க்கப்படும்.

வரித் துறை தானாக முன்வந்து அலுவலகத்திடம் சொல்வதில்லை. 26ஏஎஸ் வரி செலுத்துபவரின் கணக்கில்தான் தெரியும். கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் வேறு வழியில். இரண்டு இடத்திலும் சம்பளம் என்றால் இரண்டு இடத்திலும் வருங்கால வைப்பு நிதி பிடிபடும். ஆதாரோடு இணைந்த யுஏஎன் எண் ஒருவருக்கு ஒன்றுதான். ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்களின் பங்களிப்பு அதில் பதிவாகும். அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் பணிவரலாறு கேட்கப்படும்; சில இடங்களில் 26ஏஎஸ் படிவமும் கேட்கிறார்கள். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும். பிஎஃப் இல்லாத கட்டண வேலை இப்படி வெளிப்படுவது குறைவு. அலுவலக மடிக்கணினியிலிருந்தே செய்திருந்தால் அது வேறு விஷயம். அந்தக் கணினியில் நடப்பது நிறுவனத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டது.

இந்தப் பிரச்னை நாடு முழுக்கப் பேசப்பட்டது 2022-ல். ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, மூன்லைட்டிங் என்பது அப்பட்டமான ஏமாற்று வேலை என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதம், போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாக 300 பேரை விப்ரோ நீக்கிவிட்டது என்று அறிவித்தார். இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியது. அதே ஆகஸ்டில் ஸ்விக்கியோ, அலுவலக நேரத்துக்கு வெளியே சில வகை வேலைகளைச் செய்யலாம் என்று ஒரு கொள்கையே வெளியிட்டது. எச்சரித்த இன்ஃபோசிஸும் அக்டோபரில் ஒரு வழியைத் திறந்தது: மேலாளர், மனிதவளத் துறை இருவரின் முன் அனுமதியோடு, சொந்த நேரத்தில், இன்ஃபோசிஸுக்கோ அதன் வாடிக்கையாளர்களுக்கோ போட்டியாக இல்லாத இடத்தில் வெளிவேலை செய்யலாம்.

இன்ஃபோசிஸின் அந்த ஒற்றை வாக்கியத்தில் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன: அனுமதி, நேரம், நிறுவனத்துக்குப் போட்டியின்மை, வாடிக்கையாளருக்குப் போட்டியின்மை. தனியார் நியமனக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த நான்கைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கும். வழக்கமான வாசகம் இப்படிப் போகும்: ஊழியர் தம் முழு நேரத்தையும் நிறுவனத்துக்கே அளிக்க வேண்டும், எழுத்துபூர்வமான முன் அனுமதியின்றி, நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஊதியத்துடனோ ஊதியம் இன்றியோ, வேறு வேலை, தொழில், வணிகம் எதிலும் ஈடுபடக் கூடாது. இதில் ‘ஊதியம் இன்றியோ’ என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. நண்பரின் புதிய நிறுவனத்தில் பணம் வாங்காமல் இயக்குநராகப் பெயர் கொடுத்தாலும் இந்த வாசகம் பிடிக்கும்.

இப்படியெல்லாம் கட்டுப்படுத்துவது செல்லுமா? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதை மட்டும் படித்துவிட்டுத் துணிபவர்கள், உச்ச நீதிமன்றம் 1967-ல் அளித்த ஒரு தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மும்பை அருகே கல்யாணில் செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனம் டயருக்கான நூலிழை ஆலை நடத்தியது. அங்கே ஷிப்டு மேற்பார்வையாளராகச் சேர்ந்த நிரஞ்சன் சங்கர் கோலிகாரி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். வெளிநாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்பத்தில் அவருக்குப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அவர் விலகி, கோட்டாவில் இதே தொழிலில் இருந்த ராஜஸ்தான் ரேயானில் சேர்ந்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் அங்கே அந்தப் பணியில் இருக்கக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பணிக் காலத்தில் ஒருவர் தம் முதலாளிக்கு மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை, பொதுவாகத் தொழில் தடையாகக் கருதப்படாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பணி முடிந்த பிறகு நிலைமை தலைகீழ். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் பெர்செப்ட் டிமார்க் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை 27-வது பிரிவின்படி செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே, வேலையை விட்ட பிறகு இரண்டாண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற வாசகத்துக்குப் பயப்படும் அளவுக்கு, வேலையில் இருக்கும்போது வேறு வேலை கூடாது என்ற வாசகத்துக்குப் பலர் பயப்படுவதில்லை. நீதிமன்றத்தில் பலம் அதிகம் இருப்பது இரண்டாவதற்குத்தான்.

ஆனாலும் எல்லா வெளிவேலையும் ஒரே எடையல்ல. தொழிற்சாலைகளுக்காக 1946-ல் வகுக்கப்பட்ட மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் இதற்கென ஒரு விதி இருந்தது. முதலாளியின் நலனைப் பாதிக்கக்கூடிய வேறு வேலையைத் தொழிலாளி ஏற்கக் கூடாது என்றது அது. எந்த வேலையுமே கூடாது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கர்நாடக சங்கீதம் சொல்லித்தருவதையும், போட்டி நிறுவனத்துக்கு நிரல் எழுதித்தருவதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஆனால் ‘எந்த வேலையும் கூடாது, அனுமதி தேவை’ என்று கையெழுத்திட்டுவிட்டவருக்கு, சங்கீத வகுப்புக்கும் ஒரு வரி எழுதி அனுமதி கேட்பதே பாதுகாப்பு. அரசு ஊழியர்களுக்கு இது ஒப்பந்தமே அல்ல, நடத்தை விதி. மத்திய அரசின் 1964-ம் ஆண்டு விதிகள், அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு நிபந்தனைகளுடன் இடம் தருகின்றன. தனியார் வேலைக்கும் வணிகத்துக்கும் முன் அனுமதி கேட்கின்றன.

வேலை போவதைவிடப் பெரிய நஷ்டம் தரக்கூடிய வாசகம் ஒன்று, கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் அறிவுசார் சொத்து என்ற தலைப்பில் இருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் படைத்ததற்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளிதான் முதல் உரிமையாளர். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் வீட்டில் எழுதியது அதில் வராது. ஆனால் பல ஒப்பந்தங்கள் ஒரு படி மேலே போய், பணிக் காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எழுதிக்கொள்கின்றன. இப்போது கோவை நிறுவனத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மென்பொருளின் முழு உரிமையும் தனக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அது பணம் கொடுத்திருக்கிறது. பொறியாளர் ஒரே பொருளை இருவருக்கு எழுதிக் கொடுத்தவராகிறார். சிறுசேரி நிறுவனம் உரிமை கோரினால், கோவைக்காரருக்கு நஷ்டஈடு தர வேண்டியவரும் அவரே. இரண்டு ஒப்பந்தங்களிலும் இந்த வாசகத்தை ஒருசேர வைத்துப் படிக்காமல் வெளிவேலைக்குக் கையெழுத்துப் போடவே கூடாது.

மீறல் தெரியவந்தால் நிறுவனம் வழக்கமாக எடுக்கும் நடவடிக்கை, விளக்கம் கேட்டுக் கடிதம், பிறகு பணிநீக்கம். அனுபவச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் சிக்கலாகும். வெளிவேலைக்கு வரி ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன் என்பது இங்கே பதிலாகாது. வரி கட்டியது ஒப்பந்த மீறலைச் சரிசெய்யாது. அதேபோல, அனுமதி இல்லாமல் சம்பாதித்தது என்பதற்காக வரியும் குறையாது.

அனுமதி கேட்கும் கடிதம் சுருக்கமாக இருக்கலாம், ஆனால் சில விவரங்கள் அதில் இருந்தே ஆக வேண்டும். யாருக்காக வேலை, அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், இந்த நிறுவனத்துக்கோ அதன் வாடிக்கையாளர்களுக்கோ அவர்கள் போட்டியா, வாரத்தில் எந்த நாள்களில் எத்தனை மணிநேரம், எந்தத் தேதிக்குள் முடியும், யாருடைய கணினியில் செய்யப்படும், உருவாகும் பொருளின் உரிமை யாருக்கு. கடைசியாகச் சொன்னதற்குப் பதிலையும் எழுத்திலேயே கேட்க வேண்டும்: இந்தக் குறிப்பிட்ட மென்பொருளில் நிறுவனம் உரிமை கோராது என்று ஒரு வரி. மேலாளர் கேன்டீனில் தலையாட்டியது அனுமதி ஆகாது. ஒப்பந்தம் எழுத்துபூர்வமாக என்றுதான் கேட்கிறது. அந்த மேலாளர் அடுத்த மாதமே வேறு நிறுவனத்துக்குப் போய்விடவும் கூடும். அனுமதி ஒரு வேலைக்குத்தான், கோவை நிறுவனம் மறு ஆண்டு இன்னொரு மென்பொருள் கேட்டால் புதிதாகக் கேட்க வேண்டும். வந்த பதிலை, ரகசிய விவரம் எதுவும் சேராதபடி, அச்செடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. வேலையை விட்டு வெளியேறும் நாளில் அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும். சரிபார்ப்பில் கேள்வி எழுவது அதற்குப் பிறகுதான்.